65 வாட் பவர் பேங்க் போட்டும் லேப்டாப் "வேகம் குறைந்த சார்ஜர்" என்கிறது. குறை பேங்கிலா, கேபிளிலா?

வேளச்சேரி வாசு | புதன், இரவு 9.40

வணக்கம். எங்கள் தெருவில் வரும் செவ்வாய்க்கிழமை பராமரிப்பு மின்தடை. வழக்கம்போல் காலை 9 முதல் மதியம் 2 வரை. வாடகை வீடு, இன்வெர்ட்டர் கிடையாது. நான் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்புகளைப் பார்க்கிறேன், நடுவில் லேப்டாப் அணைந்தால் பெரிய தலைவலி.

அதற்காகவே 20000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 65 வாட் என்று போட்டிருக்கிறது. லேப்டாப்போடு வந்த சார்ஜரும் 65 வாட் டைப்-சி தான். ஆனால் பவர் பேங்கைச் செருகியதும் "இது வேகம் குறைந்த சார்ஜர்" என்று விண்டோஸ் அறிவிப்பு காட்டுகிறது. சார்ஜ் ஏறத்தான் செய்கிறது, ஆனால் நத்தை வேகம். கேபிள் பவர் பேங்கோடு பெட்டியிலேயே வந்தது, இரண்டு பக்கமும் டைப்-சி.

பேங்கைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. கொடுத்துவிட்டு 100 வாட் பேங்க் வாங்கலாமா?

---

ரிச்சி ராஜா | புதன், இரவு 9.58

திருப்பிக் கொடுக்காதீர்கள் பாஸ்! பேங்க் நல்ல பேங்க் தான், குற்றவாளி கேபிள். பெட்டியோடு வரும் கேபிள் பெரும்பாலும் 60 வாட் கேபிள். 3 ஆம்பியருக்கு மேல் அதில் போகாது. 65 வாட் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள், அதாவது உள்ளே சின்னதாக ஒரு சிப் வைத்த கேபிள் வேண்டும். ரிச்சி தெருவுக்குப் போய் 100 வாட் கேபிள் என்று கேளுங்கள், கையில் கொடுப்பார்கள். மாட்டியதும் பேங்க் முழு 65-ஐயும் தள்ளும். இந்த ஒரே பிரச்சினையை நான் பலருக்குத் தீர்த்து வைத்திருக்கிறேன்.

---

தாம்பரம் தேவி | புதன், இரவு 10.15

என்னிடம் இருப்பது சாதாரண 22.5 வாட் பவர் பேங்க். அதிலேயே என் மேக்புக் ஏர் சார்ஜ் ஆகிறது, மெதுவாகத்தான். எந்த அறிவிப்பும் வருவதில்லை. 65, 100 எல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

---

கிண்டி கீதா | புதன், இரவு 11.05

வாசு, பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அவுட்புட் என்று தொடங்கும் வரிகளை அப்படியே இங்கே போடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும்போது அதே பேங்கில் வேறு ஏதாவது செருகியிருக்கிறதா?

ராஜா சொன்ன கேபிள் விஷயம் உண்மைதான். ஆனால் 60 வாட்டுக்கும் 65 வாட்டுக்கும் இடையில் இருக்கும் 5 வாட்டை யாராலும் நத்தை வேகம் என்று உணர முடியாது. வேறு எங்கோ பெரிய பங்கு போகிறது.

தேவி, உங்கள் 22.5 வாட் பேங்கில் 20 வோல்ட் வரியே இருக்காது, 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். மேக்புக் ஏர் 9 வோல்ட்டையும் வாங்கிக்கொள்ளும். பல விண்டோஸ் லேப்டாப்கள் 20 வோல்ட் இல்லையென்றால் வாயையே திறக்காது. அதே பேங்கை வாசு செருகினால் சார்ஜ் விளக்குகூட எரியாமல் போகலாம். அதனால்தான் முதலில் முதுகுப் பட்டியலைக் கேட்கிறேன்.

---

வேளச்சேரி வாசு | வியாழன், காலை 7.20

அக்கா, போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். இதோ:

டைப்-சி: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 12 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர்.
யு.எஸ்.பி.-ஏ: அதிகபட்சம் 22.5 வாட்.
இரண்டும் சேர்ந்து: 45 வாட் + 18 வாட்.
ரேட்டட் கெப்பாசிட்டி: 12000 எம்.ஏ.எச். (5 வோல்ட்).

வேறு செருகியிருக்கிறதா என்றால், ஆமாம். கரண்ட் போனால் வைஃபை போய்விடும், அதனால் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை. ஹாட்ஸ்பாட் போனின் சார்ஜைக் குடித்துவிடும் என்று போனையும் அதே பேங்கின் ஏ துளையில் போட்டிருந்தேன். சோதித்துப் பார்த்ததும் அப்படியே.

கடைசி வரியில் 20000 பேங்குக்கு 12000 என்று போட்டிருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

---

கிண்டி கீதா | வியாழன், காலை 8.10

மூன்றாவது வரியில் பதில் வந்துவிட்டது. இரண்டு துளையும் பயன்பாட்டில் இருந்தால் டைப்-சிக்கு 45 வாட் தான். பெட்டியின் மேல் இருக்கும் 65 என்பது டைப்-சி தனியாக வேலை செய்யும்போது மட்டும். போனைச் செருகிய அந்த நொடியில் பேங்க் லேப்டாப்போடு தொடர்பை அறுத்து, "இனி என்னிடம் 20 வோல்ட்டில் 2.25 ஆம்பியர்தான்" என்று மறுபடி பேரம் பேசும். கவனித்தால் அந்த நேரத்தில் லேப்டாப் ஒரு முறை சார்ஜர் கழன்று மாட்டிய சத்தம் கொடுக்கும். போன் முழுதாக நிரம்பிய பிறகும் கம்பி செருகியே இருந்தால் பெரும்பாலான பேங்குகள் 65-க்குத் திரும்பாது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ராஜா "தள்ளும்" என்று எழுதியிருக்கிறார். பேங்க் எதையும் தள்ளுவதில்லை. என்னிடம் இன்னின்ன வோல்ட்டில் இத்தனை ஆம்பியர் வரை இருக்கிறது என்று பட்டியலை நீட்டும், லேப்டாப் அதில் ஒன்றைத் தேர்ந்து தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். கேபிளின் வேலை அந்தப் பட்டியலில் மேல் வரம்பு போடுவது. 3 ஆம்பியருக்கு மேல் உள்ள வரியைக் காட்டும் முன் பேங்க் கேபிளைக் கேட்கும். உள்ளே சிப் இருந்து, 5 ஆம்பியர் தாங்குவேன் என்று பதில் சொன்னால் 3.25-ஐக் காட்டும். பதில் இல்லையென்றால் 3-ஓடு நிறுத்திக்கொள்ளும். அதனால் 100 வாட் கேபிளை 20 வாட் பேங்கில் மாட்டினாலும் கிடைப்பது 20 வாட் தான்.

யு.எஸ்.பி. டெஸ்டர் கிடைத்தால் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். பேங்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். லேப்டாப் பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும், நிரம்பிய பேட்டரியில் எதுவும் தெரியாது.

12000 ஏமாற்று இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

---

அம்பத்தூர் அன்பு | வியாழன், காலை 10.32

இங்கேயே என் கேள்வியும். என்னுடையது கேமிங் லேப்டாப், 180 வாட் சார்ஜர், வட்டப் பின். சி-யிலிருந்து பின்னுக்கு மாற்றும் 20 வோல்ட் கேபிள் ஆன்லைனில் கிடைக்கிறது. 65 வாட் பவர் பேங்கில் அதைப் போட்டால் மெதுவாகவாவது ஏறும்தானே?

---

ரிச்சி ராஜா | வியாழன், காலை 11.00

ஏறும் அன்பு, மெதுவாக. 20 வோல்ட்டும் 20 வோல்ட்டும் ஒன்றுதான்.

---

கிண்டி கீதா | வியாழன், மதியம் 1.15

வேண்டாம் அன்பு. வட்டப் பின் வழியாகப் போகும்போது அந்தப் பேரம் பேச்சே கிடையாது. எதிர்ப்பக்கம் இருப்பது 65 வாட் பேங்க் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. 180 வாட் சார்ஜர்தான் என்று நினைத்து இழுக்கும், பேங்க் பாதுகாப்புக்காக அணைந்துகொள்ளும், மறுபடி எழும், மறுபடி அணையும். சில கம்பெனிகள் பின் நடுவில் அடையாளக் கம்பி வைத்திருப்பார்கள். அந்த லேப்டாப்கள் தெரியாத சார்ஜர் என்று சொல்லி பேட்டரியை ஏற்றாமலே விட்டுவிடும்.

உங்கள் லேப்டாப்பில் டைப்-சி துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பக்கத்தில் பிளக் அடையாளமோ பேட்டரி வடிவத்துக்குள் எழுதியதுபோன்ற குறியோ இருந்தால் அது சார்ஜ் வாங்கும். வெறும் டேட்டா துளையாக இருந்தால் எந்தப் பேங்கும் உதவாது, மாடல் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கினாலும் கேம் ஆடும்போது இழுக்கும் பவரை அது ஈடுகட்டாது. டைப் அடிக்க, படம் பார்க்க என்றால் சரி.

---

பெரம்பூர் பாலு | வியாழன், மாலை 4.45

தம்பி வாசு, இந்த 3.25, 2.25 கணக்கெல்லாம் எதற்கு? ஒரு இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் போட்டால் ஃபேனும் ஓடும், வைஃபையும் ஓடும், லேப்டாப்பும் அதன் சொந்த சார்ஜரில் ஓடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் சமயத்தில் உங்கள் வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது இந்தக் கையடக்கப் பெட்டி எத்தனை மணி நேரம் வரும்?

---

வேளச்சேரி வாசு | வியாழன், மாலை 6.30

பாலு சார், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் வீட்டுக்காரர் ஒயரிங்கில் கை வைக்க விட மாட்டார். எனக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் போதும்.

கீதா அக்கா, அலுவலக நண்பரிடம் டெஸ்டர் வாங்கி வந்துவிட்டேன். பேட்டரி 40 சதவீதத்தில் இருக்கும்போது அளந்தது:

போன் ஏ துளையில் இருக்கும்போது 20 வோல்ட், 2.2 ஆம்பியர்.
போனைக் கழற்றிய பிறகு 20 வோல்ட், 2.95 ஆம்பியர் சுற்றி ஆடுகிறது, மூன்றைத் தாண்டவே இல்லை.

போனைக் கழற்றியதும் அந்த "வேகம் குறைந்த சார்ஜர்" அறிவிப்பும் போய்விட்டது! கேபிள் அதே பழைய கேபிள்தான்.

---

ரிச்சி ராஜா | வியாழன், இரவு 7.02

மூன்றைத் தாண்டவில்லை பாருங்கள், நான் சொன்ன கேபிள் விஷயம்தான் அது.

---

கிண்டி கீதா | வியாழன், இரவு 9.20

இரண்டு பேர் சொன்னதும் அந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. 2.2-இல் நின்றால் துளைப் பங்கீடு. சரியாக 3-இல் முட்டி நின்றால் கேபிள். 3.2 வரை போனால் பேங்க் முழுதாகக் கொடுக்கிறது என்று அர்த்தம். வாசுவின் அறிவிப்பு முதல் காரணத்தால் வந்தது. அறிவிப்பு எந்த வாட்டில் வரும் என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சில மாடல்கள் 60-க்கும் முணுமுணுக்கும், வாசுவுடையது 60-ஐ ஏற்றுக்கொண்டது.

அதனால் புதுக் கேபிள் கட்டாயம் இல்லை. வாங்கினால் 60 என்பது 65 ஆகும், அவ்வளவுதான்.

இப்போது 12000-க்கு வருகிறேன். 20000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். வாட்-அவராக மாற்றினால்

```
20 Ah × 3.7 V = 74 Wh
12 Ah × 5 V   = 60 Wh
```

முதல் வரி உள்ளே இருப்பது. இரண்டாவது வரி வெளியே 5 வோல்ட்டில் எடுக்க முடிந்தது. நடுவில் இருக்கும் 14 வோல்ட்டை ஏற்றி இறக்கும் சர்க்யூட்டில் வெப்பமாகப் போகிறது. 20 வோல்ட்டில் எடுக்கும்போது அந்த எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் கணக்குப் போட 60 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வாங்கும்போது முன்பக்கத்து 20000-ஐ விட இந்தப் பின்பக்கத்து எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

வாட் என்பது எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது. எத்தனை மணி நேரம் வரும் என்பதை வாட்-அவர்தான் சொல்லும். நீங்கள் 100 வாட் பேங்க் வாங்கியிருந்தாலும் அதே 20000 என்றால் அதே நேரம்தான் ஓடும். செவ்வாய்க்கிழமைக்கு உங்களுக்கு வேண்டியது நேரம்.

(14 வோல்ட் என்று எழுதிவிட்டேன், 14 வாட்-அவர் என்று படிக்கவும். இந்தத் தளத்தில் திருத்தும் பொத்தான் எப்போது வரும்?)

ஒரு எண் வேண்டும். லேப்டாப் பேட்டரியை 100 வரை ஏற்றிவிட்டு, வழக்கமான அழைப்பில் இருக்கும்போது டெஸ்டரில் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது? கூடவே கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை ஓட்டி, வரும் பக்கத்தில் `FULL CHARGE CAPACITY` எவ்வளவு என்று பாருங்கள்:

```
powercfg /batteryreport
```

---

வேளச்சேரி வாசு | வெள்ளி, மதியம் 12.40

100-இல் இருக்கும்போது அழைப்பில் 20 வோல்ட், 0.8 முதல் 0.9 ஆம்பியர். கேமராவைப் போட்டால் ஒன்றைத் தொடுகிறது.

பேட்டரி அறிக்கையில் `DESIGN CAPACITY` 54,000-க்குப் பக்கம், `FULL CHARGE CAPACITY` 43,000-க்குப் பக்கம் `mWh` என்று இருக்கிறது. பழைய லேப்டாப் தான்.

---

கிண்டி கீதா | வெள்ளி, இரவு 8.50

நல்லது. 0.85 என்று எடுத்தால் 17 வாட். இதுதான் உங்கள் லேப்டாப்பின் உண்மையான சாப்பாடு. 65 வாட் கேட்டது காலியான பேட்டரியை நிரப்பும் அவசரத்துக்காக.

பேங்கில் 60, லேப்டாப்பில் 43, கூட்டினால் 103 வாட்-அவர். 17-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம் வருகிறது, உங்களுக்கு ஐந்து போதும். ஆனால் போனும் அதே பேங்கில் இருந்தால் கதை மாறும். ஹாட்ஸ்பாட் ஓடும் போன் 3, 4 வாட் எடுக்கும், ஐந்து மணி நேரத்தில் 15 முதல் 20 வாட்-அவர். அதைக் கழித்தால் சுமார் 85 மிச்சம், ஐந்து மணி நேரத்தை அப்போதுதான் தொடும். கேமரா போட்டால் போதாது. வீட்டில் பழைய 10000 பேங்க் ஒன்று கிடக்குமே, போனை அதில் போடுங்கள். துளைப் பங்கீடும் ஒழியும், நேரமும் கிடைக்கும்.

இன்னொன்று, எப்போது செருகுவது. பலர் லேப்டாப்பை முதலில் தன் பேட்டரியில் ஓட்டி, 10 சதவீதம் வந்ததும் பேங்கைச் செருகுவார்கள். அப்போது லேப்டாப் ஓடவும் வேண்டும், பேட்டரியை நிரப்பவும் வேண்டும், பேங்கிலிருந்து 45, 60 வாட் என்று உறிஞ்சும். பேங்க் சூடாகும், ஏற்றி இறக்கும் நஷ்டமும் இன்னொரு சுற்று சேரும். அதற்குப் பதில் 9 மணிக்குக் கரண்ட் போனதும் பேட்டரி 100-இல் இருக்கும்போதே செருகிவிடுங்கள். பேங்க் வெறும் 17 வாட் கொடுத்துக்கொண்டு நிதானமாக ஓடும். அது தீர்ந்த பிறகு லேப்டாப் தன் பேட்டரிக்கு மாறும். இப்படி ஓட்டினால் 45 வாட்டும் தாராளம், எந்தக் கேபிளும் போதும்.

பேட்டரி ஆயுளுக்காக 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு போட்டிருந்தால் திங்கள் இரவே எடுத்துவிடுங்கள். அதை மறந்தால் 8, 9 வாட்-அவர் வீணாகப் போகும்.

---

தாம்பரம் தேவி | வெள்ளி, இரவு 9.15

என் தம்பிக்கு போனோடு 80 வாட் சார்ஜரும் சிவப்பு நாக்கு வைத்த கேபிளும் வந்தது, கேபிள் நல்ல தடிமன். அதை பேங்கின் ஏ துளையில் போட்டு அவன் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினான், ஒன்றும் ஆகவில்லை. கேபிள் 80 வாட் தாங்கும்தானே?

---

கிண்டி கீதா | வெள்ளி, இரவு 9.40

தாங்கும். ஆனால் அந்த 80 அந்தப் போனும் அதன் சார்ஜரும் தமக்குள் வைத்திருக்கும் தனி ஒப்பந்தம், லேப்டாப் அதில் சேர்த்தி இல்லை. 20 வோல்ட்டுக்கான பேச்சு நடக்கும் கம்பி டைப்-சி முனையில்தான் உண்டு, தட்டையான ஏ முனையில் அதற்கு இடமே இல்லை. லேப்டாப்புக்கு இரு பக்கமும் சி வேண்டும்.

---

ரிச்சி ராஜா | சனி, மாலை 5.30

நானும் சும்மா இருக்க முடியாமல் ரிச்சி தெருவுக்குப் போனேன், வாசுவுக்காகவும் சேர்த்துக் கேபிள் பார்க்க. ஒரு கடையில் 240 வாட் என்று அச்சிட்ட கேபிள், விலையைக் கேட்டால் டீ, பஜ்ஜி செலவு அளவுக்குச் சொன்னார்கள். வாங்கி என் 100 வாட் சார்ஜரில் போட்டு டெஸ்டரில் பார்த்தேன். 3 ஆம்பியரைத் தாண்டவில்லை. சிப்பே இல்லை. இன்னொரு கடையில் கொஞ்சம் விலை கூடியது, அதில் 4.6 வரை போனது, ஆனால் முனை தொட முடியாத சூடு. கீதா மேடம், இரண்டாவது நல்ல கேபிள்தானே? சிப் இருக்கிறதே?

---

கிண்டி கீதா | சனி, இரவு 8.05

இரண்டில் முதலாவது பொய் சொன்னாலும் தீங்கு செய்யாது, 3-இல் நின்றுவிடும். எனக்கு இரண்டாவதுதான் பயம். சிப் "5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்லிவிட்டது, உள்ளே செம்பு மெல்லிசு. சிப் உண்மையை அளந்து சொல்வதில்லை, எழுதி வைத்ததைத்தான் ஒப்பிக்கும்.

டெஸ்டர் இருக்கிறதே, இப்படிப் பாருங்கள். முதலில் சார்ஜர் பக்கம் செருகி வோல்ட்டைக் குறியுங்கள். பிறகு அதே சுமையில் டெஸ்டரை லேப்டாப் பக்கத்துக்கு மாற்றிக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேபிளில் தின்னப்பட்டது. டைப்-சி விதிப்படி முழு ஆம்பியரிலும் போகவர இரண்டு கம்பியும் சேர்ந்து 0.75 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. 4.6 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கேபிளிலேயே ஐந்து வாட் போல எரிகிறது. அந்தச் சூடு அதுதான்.

---

ரிச்சி ராஜா | சனி, இரவு 8.50

அளந்தேன். சார்ஜர் பக்கம் 20.1, லேப்டாப் பக்கம் 18.9. குப்பையில் போட்டுவிட்டேன். வாசு, உங்கள் பெட்டிக் கேபிளே இருக்கட்டும்.

---

ஓ.எம்.ஆர். ஓவியா | ஞாயிறு, காலை 11.10

வேறு ஒரு சந்தேகம். என் பேங்கை லேப்டாப்பில் செருகினால் சில நேரம் லேப்டாப் பேங்கைச் சார்ஜ் செய்ய ஆரம்பித்துவிடுகிறது! பேங்கின் சதவீதம் ஏறுகிறது, லேப்டாப் இறங்குகிறது. பேய் பிடித்ததுபோல் இருக்கிறது.

---

கிண்டி கீதா | ஞாயிறு, மதியம் 12.30

இரண்டு பக்கமும் கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும். யார் கொடுப்பவர் என்பதில் சில ஜோடிகள் குழம்பிவிடும். கேபிளைக் கழற்றி, பேங்கின் பொத்தானை அழுத்தி எழுப்பிவிட்டு அப்புறம் செருகிப் பாருங்கள். பேங்கில் இன்னொரு சி துளை, அவுட்புட் மட்டும் என்று இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

---

ஓ.எம்.ஆர். ஓவியா | ஞாயிறு, மாலை 3.00

பொத்தானை அழுத்தினால் சில முறை சரியாகிறது, சில முறை இல்லை. லேப்டாப் ஸ்லீப்பில் இருந்தால் நிச்சயம் தலைகீழாகப் போகிறது. ஒரே ஒரு சி துளைதான் இருக்கிறது.

---

பெரம்பூர் பாலு | ஞாயிறு, இரவு 7.15

கீதா அம்மா, ஒன்று கேட்கிறேன். வாசு தம்பி பேங்கை எப்போதும் சுவரிலும் லேப்டாப்பிலும் செருகியே வைத்துவிட்டால் யு.பி.எஸ். மாதிரி ஆகிவிடாதா? கரண்ட் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாமே.

---

கிண்டி கீதா | ஞாயிறு, இரவு 9.00

சார், உள்ளே வாங்கிக்கொண்டே வெளியே கொடுக்கும் பேங்குகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் அப்போது வெளியே வரும் வாட் குறைந்துவிடும், கரண்ட் போகும் நொடியில் ஒரு முறை அறுந்து ஒட்டும். லேப்டாப்பில் சொந்த பேட்டரி இருப்பதால் அந்த அறுப்பு தெரியாது. எனக்கு உறுத்துவது வெப்பம்தான். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சென்னை மே மாதத்தில் ஃபேன் இல்லாத அறையில் அந்த எல்லை தொலைவில் இல்லை. நான் செய்ய மாட்டேன்.

---

ரிச்சி ராஜா | ஞாயிறு, இரவு 9.25

நான் மாதக்கணக்கில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

கிண்டி கீதா | ஞாயிறு, இரவு 9.31

எங்கள் ரிப்பேர் பெஞ்சுக்கு உப்பி வரும் பேங்குகளின் சொந்தக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள், ராஜா.

---

வேளச்சேரி வாசு | செவ்வாய், மதியம் 1.10

இன்னும் கரண்ட் வரவில்லை, லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். போன் பழைய பேங்கில். 9.05-க்குச் செருகினேன், பேங்க் சற்றுமுன் தீர்ந்தது, லேப்டாப் 98 சதவீதத்தில் தன் பேட்டரிக்கு மாறியிருக்கிறது. இரண்டு அழைப்பு கேமராவோடு.

ஒரே ஒரு சந்தேகம். நடுவில் டெஸ்டர் கொஞ்ச நேரம் 20 வோல்ட்டிலிருந்து 15-க்கு இறங்கியது, சார்ஜர் கழன்று மாட்டிய சத்தமும் வந்தது. கேபிளா?

---

கிண்டி கீதா | செவ்வாய், மதியம் 1.35

பேங்கைத் தொட்டுப் பாருங்கள், எங்கே வைத்திருந்தீர்கள்? 20 வோல்ட் அப்படியே இருந்து ஆம்பியர் மட்டும் குறைந்தால் லேப்டாப் குறைவாகக் கேட்கிறது, அது இயல்பு. வோல்ட்டே இறங்கி, சத்தமும் வந்தால் பெரும்பாலும் பேங்க் சூட்டினால் தன் பட்டியலைச் சுருக்கிக்கொண்டது.

---

வேளச்சேரி வாசு | செவ்வாய், மதியம் 1.42

மெத்தை மேல், தலையணை ஓரமாக. சூடுதான். டைல்ஸ் தரைக்கு மாற்றிவிட்டேன்.